சரியாக வாசலிலேயே திறக்கும் மேப் லிங்க்கை நாமே எழுதுவது எப்படி

எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழா அழைப்பிதழில் ஒரு க்யூஆர் கோடு போட்டிருந்தோம். மேப்பில் எங்கள் வீட்டுக் கூரையைத் தேடிப் பிடித்து, அதன் நடுவில் பின் குத்தி, அந்த லிங்க்கைக் கொடுத்து அச்சடித்தாயிற்று. விடியற்காலை முகூர்த்தம். ஐந்தரை மணிக்கு அத்தை போன் செய்தார்: "மேப் வந்து சேர்ந்துட்டதா சொல்லுது, இங்க ஒரு காம்பவுண்டு சுவர்தான் இருக்கு." அவர் நின்றது பின் தெருவில். அவருக்குப் பின்னால் வந்த இரண்டு காரும் அங்கேதான் நின்றன.

லிங்க்கில் பிழை எதுவும் இல்லை. நான் குத்திய இடத்தைத்தான் அது காட்டியது. ஆனால் வழிகாட்டும் ஆப் புள்ளிக்கு நேராகக் காரை ஓட்ட முடியாது. புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் சாலை எதுவோ அதுவரை கூட்டிப் போகும். எங்கள் வீட்டுக் கூரையின் நடுவிலிருந்து பார்த்தால் பின் தெருதான் பக்கம். முன் வாசலுக்கு எதிரே, தெருவின் மேலேயே பின் குத்தியிருந்தால் எல்லாரும் நேராக வந்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு இந்த லிங்க்குகளை ஆப் தருவதை அப்படியே வாங்காமல் நானே கையால் எழுதத் தொடங்கினேன். கடினமான வேலை இல்லை. இரண்டு எண், ஒரு ஜூம் அளவு, அவற்றை எந்த வரிசையில் எழுதவேண்டும் என்ற விதி, அவ்வளவுதான். வீட்டு எண்களை இங்கே போட முடியாது என்பதால் எல்லாருக்கும் தெரிந்த தஞ்சைப் பெரிய கோயிலை வைத்தே சொல்கிறேன்.

## முதலில் புள்ளி

பூமியில் எந்த இடத்தையும் இரண்டு எண்ணால் சொல்லிவிடலாம். முதல் எண் அட்சரேகை, அதாவது பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே. இரண்டாவது தீர்க்கரேகை, கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே அல்லது மேற்கே. பெரிய கோயில் விமானத்தின் எண்கள் இப்படி இருக்கும்:

```
10.78278,79.13167
```

கணினியில் கூகுள் மேப்ஸ் திறந்து, வேண்டிய இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலின் முதல் வரியே இந்த எண்கள்தான். அதன் மேல் ஒரு கிளிக் செய்தால் காப்பி ஆகிவிடும். ஃபோனில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் பின் விழும், எண்கள் மேலே தேடும் பெட்டியில் தெரியும். அழுத்துவதற்கு முன் நன்றாகப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். சாட்டிலைட் காட்சிக்கு மாற்றிக்கொண்டால் வாசலும் தெருவும் தனித்தனியாகத் தெரியும்.

பழைய புத்தகங்களிலும் சில இணையப் பக்கங்களிலும் இதே இடம் 10°46′58″ வடக்கு, 79°7′54″ கிழக்கு என்று பாகை, நிமிடம், நொடி கணக்கில் இருக்கும். லிங்க்கில் அதை அப்படியே போட வேண்டாம், தசமமாக மாற்றிவிடுங்கள். நிமிடத்தை 60-ஆலும் நொடியை 3600-ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டவேண்டும்.

```
10 + 46/60 + 58/3600 = 10.78278
79 +  7/60 + 54/3600 = 79.13167
```

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ஒரு நொடி என்பது தரையில் சுமார் 31 மீட்டர். நொடி வரை மட்டும் கொடுத்த எண்ணை நாம் ஐந்து தசமமாக மாற்றி எழுதினால் பார்க்கத் துல்லியமாக இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது அந்தப் பழைய துல்லியம்தான். கோயில் இருக்கும் இடத்தைக் காட்ட அது போதும். வாசலைக் காட்டப் போதாது.

எத்தனை தசமம் வேண்டும் என்று பலரும் கேட்பார்கள். ஒரு பாகை அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். அப்படியானால் நான்காம் தசமம் 11 மீட்டர், ஐந்தாம் தசமம் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். திறந்த வெளியில் நிற்கும் ஒரு நல்ல ஃபோனின் ஜிபிஎஸ்ஸே ஐந்து மீட்டர் அளவுக்கு இப்படி அப்படி இருக்கும். ஆக ஐந்து தசமம் தாராளம். மேப் பத்து பதினைந்து இலக்கம் கொடுத்தால் ஐந்தோடு நிறுத்திவிடுங்கள், லிங்க்கும் சுருங்கும்.

இனி வாசல் விஷயம். பெரிய கோயிலின் சுற்றுச்சுவருக்குள் இருக்கும் வளாகம் கிழக்கு மேற்காகச் சுமார் 240 மீட்டர், தெற்கு வடக்காக அதில் பாதி. விமானம் மேற்குப் பாதியில் இருக்கிறது. நாம் உள்ளே போகும் கேரளாந்தகன் வாயிலும் இராசராசன் வாயிலும் கிழக்கே. விமானத்தின் எண்களைக் கொடுத்து "இங்கே வந்துவிடுங்கள்" என்றால் ஆப்புக்கு வாசல் எது, சுவர் எது என்ற கவலை கிடையாது. கூட்டமாக வருகிறவர்களுக்கு எண் கொடுப்பதானால் கிழக்கே நகர்ந்து, வண்டி நிற்கும் சாலையிலேயே புள்ளியை எடுக்கவேண்டும். கட்டுரையில் எல்லா உதாரணத்துக்கும் ஒரே எண் இருக்கட்டும் என்று விமானத்தையே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் செய்யும்போது கூரையையோ கோபுரத்தையோ எடுக்காமல் வாசலுக்கு எதிரே உள்ள சாலையை எடுங்கள்.

புள்ளி எடுப்பதில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு.

ஒன்று, எண்கள் இடம் மாறுவது. சில மென்பொருள்கள், குறிப்பாக ஜியோஜேசன் வகைக் கோப்புகள், தீர்க்கரேகையை முதலில் எழுதும். அங்கிருந்து காப்பி எடுத்தால் 79.13167,10.78278 என்று வரும். தமிழ்நாட்டு எண்களில் இது எந்தப் பிழைச் செய்தியும் தராது, ஏனென்றால் 79 என்பது 90-க்குள் இருப்பதால் அதுவும் செல்லுபடியாகும் அட்சரேகைதான். மேப் அமைதியாக நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் போய்த் திறக்கும். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே தீர்க்கரேகை 103, மாறிப்போனால் அப்படி ஓர் அட்சரேகையே கிடையாது என்பதால் உடனே தெரிந்துவிடும். நமக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: தமிழ்நாட்டுக்குள் என்றால் முதல் எண் 8-க்கும் 14-க்கும் இடையே, இரண்டாவது 76-க்கும் 81-க்கும் இடையே இருக்கவேண்டும்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. கூகுள் மேப்ஸில் ஓர் இடத்தைத் தேடினால் மேலே முகவரிப் பட்டையில் நீளமான ஒரு லிங்க் வரும், அதில் `@` குறிக்குப் பின்னால் இரண்டு எண் இருக்கும். அதுதான் இடம் என்று நினைத்துப் பலர் எடுத்துவிடுகிறார்கள். அது திரையில் தெரியும் மேப்பின் மையம். கணினியில் இடது பக்கம் விவரப் பலகை திறந்திருப்பதால் மையமும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை, நூறு இருநூறு மீட்டர் தள்ளிப்போகும். இடத்தின் உண்மையான எண்கள் அதே லிங்க்கின் கடைசிப் பக்கத்தில் `!3d` என்பதற்கும் `!4d` என்பதற்கும் பின்னால் இருக்கும். அதைத் தேடிக் கண்ணை வருத்திக்கொள்வதைவிட வலது பொத்தானை அழுத்தி எண்ணை எடுப்பது நிம்மதி.

## லிங்க்கை எழுதுவது

ஒரு மேப் லிங்க்கிடம் நாம் மூன்று விஷயம் எதிர்பார்க்கிறோம். சரியான இடத்தில் திறக்கவேண்டும், அந்த இடத்தில் ஒரு பின் தெரியவேண்டும், நாம் சொன்ன ஜூமில் இருக்கவேண்டும். இந்த மூன்றும் எல்லா வகை லிங்க்கிலும் சேர்ந்து கிடைப்பதில்லை. பலர் குழம்புவது இங்கேதான்.

கூகுள் தன் ஆவணங்களில் சொல்லியிருக்கும் முறைப்படி பின் காட்டும் லிங்க் இது:

```
https://www.google.com/maps/search/?api=1&query=10.78278%2C79.13167
```

`%2C` என்பது காற்புள்ளிதான், லிங்க்குக்குள் பாதுகாப்பாகப் பயணிக்க அப்படி எழுதுகிறோம். `api=1` என்பதை விட்டுவிடக் கூடாது. அது இல்லையென்றால் மற்றவை எதையும் கவனிக்காமல் மேப் வெறுமனே திறந்துகொள்ளும். இந்த லிங்க்கில் பின் விழும், அங்கிருந்து ஒரு தொடுதலில் வழியும் கிடைக்கும். ஆனால் ஜூம் அளவைச் சொல்ல இதில் இடமே இல்லை, அதை ஆப்பே முடிவு செய்துகொள்ளும்.

ஜூம் சொல்லவேண்டும் என்றால் கூகுளிடம் வேறொரு வடிவம் இருக்கிறது:

```
https://www.google.com/maps/@?api=1&map_action=map&center=10.78278%2C79.13167&zoom=18
```

`zoom` 0 முதல் 21 வரை போகலாம், எழுதாவிட்டால் 15 என்று எடுத்துக்கொள்ளும். கூடவே `&basemap=satellite` சேர்த்தால் சாட்டிலைட் படமாகத் திறக்கும். சரி, இதில் என்ன குறை? பின் கிடையாது. மேப் மிகச் சரியான இடத்தில், சரியான அளவில் திறக்கும், ஆனால் "இதுதான் இடம்" என்று காட்ட எதுவும் இருக்காது. ஒரு பகுதியைச் சுற்றிக் காட்ட இது நல்ல லிங்க். வீட்டுக்கு வரச் சொல்ல உதவாது.

இரண்டையும் சேர்த்து `?q=` என்றும் `&z=` என்றும் எழுதும் பழைய கூகுள் வடிவம் ஒன்று பல இடங்களில் உலவுகிறது. இன்றைய ஆவணத்தில் இல்லாத வடிவத்தை அச்சிலேற்ற எனக்கு மனம் வருவதில்லை. ஒரு தரம் அச்சான க்யூஆர் கோடைத் திருத்த முடியாது.

இடம், பின், ஜூம் மூன்றும் ஒரே லிங்க்கில் ஒழுங்காக வேண்டுமென்றால் நான் போவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு. விக்கிப்பீடியா மாதிரி பொதுமக்கள் சேர்ந்து வரையும் மேப் அது.

```
https://www.openstreetmap.org/?mlat=10.78278&mlon=79.13167#map=18/10.78278/79.13167
```

இதை இரண்டாகப் பிரித்துப் படிக்கவேண்டும். `#` குறிக்கு முன்னால் `mlat`, `mlon` என்று இருப்பவை பின் விழவேண்டிய இடம். `#map=` என்பதற்குப் பின்னால் முதலில் ஜூம், பிறகு சாய்கோடுகளுக்கு நடுவே மேப்பின் மையம். பின்னும் மையமும் தனித்தனி என்பதுதான் இதன் அழகு. பின்னை வாசலில் வைத்துவிட்டு, மையத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பஸ் நிற்கும் சாலையும் திரைக்குள் வரும்படி செய்யலாம். `#` பகுதி எப்படியாவது உதிர்ந்துவிட்டாலும் பின் போகாது, மேப் ஜூம் 12-இல் திறக்கும். யாராவது "பின் தெரியுது, ஆனா ரொம்ப தூரத்துல இருந்து பார்க்கிற மாதிரி இருக்கு" என்று சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கையால் எழுதத் தயங்குபவர்கள் அந்தத் தளத்தின் வலது ஓரத்தில் பகிரும் பொத்தானை அழுத்தி, `Include marker` என்பதை டிக் செய்து, பின்னை இழுத்து வைத்தால் இதே வடிவ லிங்க்கைத் தளமே கொடுத்துவிடும். ஓரிரண்டு தடவை அப்படிச் செய்து பார்த்தால் வடிவம் மனதில் பதிந்துவிடும்.

இதிலும் ஒரு குறை உண்டு. பெரும்பாலான ஃபோன்களில் இது பிரவுசரில்தான் திறக்கும், வழிகாட்டும் ஆப்புக்குத் தானாகப் போகாது. ஆக, வண்டி ஓட்டி வருகிறவருக்குக் கூகுளின் பின் லிங்க். எங்கே, எந்த அளவில் பார்க்கவேண்டும் என்பது முக்கியமானால், உதாரணமாகக் குளத்தின் எந்தக் கரை, மைதானத்தின் எந்த மூலை என்று காட்டவேண்டுமானால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் லிங்க். நான் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன்.

ஜூம் எண்ணை எப்படித் தேர்வு செய்வது? ஜூம் 0 என்றால் உலகம் முழுவதும் 256 பிக்சல் சதுரத்துக்குள் அடங்கிவிடும். எண் ஒன்று கூடினால் எல்லாம் இரண்டு மடங்கு பெரிதாகும், திரையில் தெரியும் தூரம் பாதியாகும். நம் ஊர் அட்சரேகையில், சாதாரண ஃபோன் திரையின் அகலத்தில் ஜூம் 18 என்றால் சுமார் 200 மீட்டர் தெரியும். 17-இல் 400, 15-இல் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் அளவு. 12-க்கு இறங்கினால் ஊரே தெரியும், 13 கிலோமீட்டருக்குக் குறையாது. ஊருக்குப் புதியவர்களுக்கு அனுப்பும்போது 18 வேண்டாம் என்பது என் அனுபவம். பின்னைச் சுற்றி நாலு வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தால் அவர்களுக்கு எந்தப் பிடிமானமும் இருக்காது. 17 அல்லது 16 வைத்தால் தெரிந்த ஒரு சாலையாவது, ஒரு கோயிலாவது திரைக்குள் வரும். பெரிய கோயிலையே எடுத்துக்கொண்டால், 18-இல் வளாகம் திரையை அடைத்துக்கொள்ளும். 17-இல் சுற்றியிருக்கும் அகழியும் வடக்கே சிவகங்கைப் பூங்காவும் சேர்ந்து தெரிய ஆரம்பிக்கும்.

## செய்தியில் அனுப்பும்போது

வாட்ஸாப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ லிங்க் உடைவதற்கு முதல் காரணம் இடைவெளி. ஃபோன் கீபோர்டு காற்புள்ளிக்குப் பின் தானாக ஓர் இடைவெளி போட்டுவிடும். `10.78278, 79.13167` என்று ஆனதும் லிங்க் காற்புள்ளியோடு முடிந்துவிடும். அனுப்பிய பிறகு நீல நிறம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கடைசி எண் வரை நீலமாக இருந்தால் நல்லது, நடுவில் கறுப்பாக மாறினால் அங்கே இடைவெளி புகுந்திருக்கிறது. காற்புள்ளிக்குப் பதில் `%2C` எழுதச் சொன்னதன் இன்னொரு பலன் இதுதான், கீபோர்டு அதைத் தொடாது.

லிங்க்கைத் தனி வரியில் வையுங்கள். வாக்கியத்தின் நடுவில் வைத்து முற்றுப்புள்ளியோ அடைப்புக்குறியோ ஒட்டினால் சில ஆப்கள் அதையும் லிங்க்கோடு சேர்த்துவிடும். அப்புறம், இடத்தின் பெயரைத் தமிழில் லிங்க்குக்குள் திணிக்க வேண்டாம், செய்தியிலேயே எழுதிவிடலாம். நான் அனுப்பும் செய்தி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
சந்திக்கும் இடம்: பெரிய கோயில், விமானத்தருகே
https://www.google.com/maps/search/?api=1&query=10.78278%2C79.13167
எண்: 10.78278,79.13167
```

கடைசி வரி எதற்கு என்றால், லிங்க் திறக்காத ஃபோனிலும் அந்த எண்ணைக் காப்பி செய்து எந்த மேப்பின் தேடும் பெட்டியில் ஒட்டினாலும் இடம் வந்துவிடும். டிரைவருக்குப் போனில் படித்துக்கூடச் சொல்லலாம்.

`geo:10.78278,79.13167?z=18` என்று ஒரு குட்டி வடிவமும் உண்டு. ஆண்ட்ராய்டில் அது ஃபோனில் இருக்கும் மேப் ஆப்பை நேராகத் திறக்கும். செய்திகளில் இது நீல லிங்க்காக மாறுவதில்லை, எல்லா ஃபோனும் இதை ஒரே மாதிரி நடத்துவதும் இல்லை. கலவையான கூட்டத்துக்கு அனுப்ப நான் இதைப் பயன்படுத்துவதில்லை.

## க்யூஆர் கோடாக்கும்போது

க்யூஆர் கோடுக்கு மேப் என்றால் என்னவென்று தெரியாது. நாம் கொடுக்கும் எழுத்துகளைக் கட்டங்களாக மாற்றி வைக்கும், அவ்வளவுதான். எழுத்து கூடினால் கட்டங்கள் கூடும், அதே அளவுத் தாளில் ஒவ்வொரு கட்டமும் பொடியாகும், கேமரா திணறும். அதனால் இங்கே எழுத்து எண்ணிக்கையைப் பார்த்தாகவேண்டும்.

மேலே உள்ள கூகுள் பின் லிங்க் 67 எழுத்து. க்யூஆர் கோடுக்கு எல், எம், க்யூ, ஹெச் என்று நான்கு பிழைதிருத்த நிலைகள் உண்டு. எம் நிலையில் கோடின் சுமார் 15 சதவீதம் அழிந்தாலும் படிக்க முடியும், ஹெச் நிலையில் 30 சதவீதம் வரை. நம் லிங்க் எம் நிலையில் 37-க்கு 37 கட்டத்தில் அடங்கும். அதையே ஹெச் நிலையில் போட்டால் 49-க்கு 49 ஆகிவிடும். அழைப்பிதழுக்கு எம் போதும். வெயிலிலும் மழையிலும் தொங்கும் பலகைக்கு மட்டும் ஹெச் போடலாம். நடுவில் படம் வைக்கச் சிலர் ஆசைப்படுவார்கள். படம் மறைக்கும் கட்டங்கள் எல்லாம் அந்தப் பிழைதிருத்தக் கணக்கில்தான் கழியும், கறை பட்டால் தாங்க மிச்சம் இருக்காது.

தமிழ்ப் பெயரை லிங்க்கில் போட வேண்டாம் என்றேன் அல்லவா, அதன் விலை இங்கே தெரியும். லிங்க்கில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் `%E0%AE%95` மாதிரி ஒன்பது எழுத்தாக விரியும். "கோயில்" என்ற சொல்லில் கணினிக் கணக்குப்படி ஆறு குறியீடுகள், மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி. ஆக 54 எழுத்து. 67 எழுத்து லிங்க் 121 ஆகி, கோடு 45-க்கு 45 கட்டமாக வீங்கிவிடும். பெயரைக் கோடுக்குக் கீழே அழகாக அச்சடித்தால் போயிற்று.

கோடு உருவாக்கப் பல இலவசத் தளங்கள் இருக்கின்றன. அவற்றில் சில, நாம் கொடுத்த லிங்க்கைக் கோடுக்குள் வைக்காமல் தங்கள் சொந்தக் குறுஞ்சுட்டி ஒன்றை வைத்துவிடும். ஸ்கேன் செய்தால் முதலில் அவர்கள் தளத்துக்குப் போய், அங்கிருந்து மேப்புக்குப் போகும். இலவசக் காலம் முடிந்ததும் கோடு செத்துவிடும், அழைப்பிதழ் மட்டும் ஊரெல்லாம் இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: ஸ்கேன் செய்ததும் திறக்காமல், கேமரா காட்டும் முகவரியைப் படியுங்கள். நீங்கள் எழுதிய அதே லிங்க் எழுத்துக்கு எழுத்து தெரியவேண்டும். வேறு பெயர் தெரிந்தால் அந்தக் கோடு வேண்டாம்.

கணினியில் கட்டளை வரி பழகியவர்கள் `qrencode` நிறுவிக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை, இணையம்கூடத் தேவைப்படாது:

```
qrencode -l M -m 4 -t SVG -o vaasal.svg "https://www.google.com/maps/search/?api=1&query=10.78278%2C79.13167"
```

லிங்க்கைச் சுற்றியுள்ள மேற்கோள்குறி கட்டாயம். அது இல்லாவிட்டால் `&` குறியோடு கட்டளை முடிந்துவிட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும், கோடுக்குள் `api=1` வரைதான் இருக்கும். ஸ்கேன் செய்தால் கூகுள் மேப்ஸ் ஒழுங்காகத் திறக்கும், ஆனால் பின் இருக்காது. கோடு வேலை செய்வதுபோலவே தோன்றுவதால் இது ஏமாற்றிவிடும். `-t SVG` என்பது அச்சகத்தில் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் மங்காத வகைப் படம். `-m 4` என்பது நான்கு பக்கமும் நான்கு கட்ட அகலத்துக்கு விடும் வெள்ளை ஓரம். அழைப்பிதழ் வடிவமைப்பவர்கள் இடம் போதவில்லை என்று இந்த ஓரத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். அது கோடின் பகுதி, வெட்டக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

அளவுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: ஸ்கேன் செய்பவர் நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. கையில் பிடித்துப் பார்க்கும் அழைப்பிதழ் கண்ணிலிருந்து 25, 30 சென்டிமீட்டர் தூரம், ஆகவே ஓரத்தோடு 3 சென்டிமீட்டர். நம் 37 கட்டமும் இரு பக்க ஓரம் 8 கட்டமும் சேர்ந்து 45. 3 சென்டிமீட்டரில் ஒரு கட்டம் 0.67 மில்லிமீட்டர் வரும், அச்சில் தெளிவாக நிற்கும். தெருமுனையில் மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் ஃப்ளெக்ஸுக்கு 30 சென்டிமீட்டர் வேண்டும்.

நிறத்தில் நாங்கள் ஒரு பாடம் படித்தோம். எங்கள் அழைப்பிதழ் அரக்கு நிறத் தாளில் தங்க நிற எழுத்து. கோடும் அதே தங்க நிறத்தில் வந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் தங்கம் பளபளத்து, பாதி ஃபோன்களில் படிக்கவே இல்லை. கோடுக்கு வெளுத்த பின்னணியில் கறுத்த கட்டம்தான் வேண்டும். இருண்ட தாளில் வெளுத்த கட்டம் போட்டால் சில ஆப்கள் அதைக் கோடாகவே அடையாளம் காணாது. அட்டை எந்த நிறமாக இருந்தாலும் கோடு விழும் இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் விட்டு, அதன்மேல் கறுப்பில் அச்சடிக்கச் சொல்லுங்கள்.

## அச்சுக்குப் போகும் முன்

கணினித் திரையில் கோடைக் காட்டி ஸ்கேன் செய்து பார்ப்பது போதாது, திரையில் எல்லாக் கோடும் படிக்கும். அச்சகத்தில் ஒரு மாதிரித் தாள் வாங்கி, அதை வீட்டு வெளிச்சத்தில், ஓர் ஆண்ட்ராய்டிலும் ஓர் ஐஃபோனிலும் ஸ்கேன் செய்யுங்கள். கேமரா காட்டும் முகவரியில் இரண்டு எண்ணும் முழுதாக இருக்கின்றனவா என்று முதலில் படியுங்கள். பிறகு திறந்து, மேப்பில் விழும் பின் சரியாக வாசலுக்கு எதிரே உள்ள சாலையின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசிச் சோதனைக்கு ஊருக்குப் புதிய ஒருவர் வேண்டும், அல்லது வழி தெரியாத மாதிரி நடந்துகொள்ளச் சம்மதிக்கும் ஒருவர். அவரிடம் லிங்க்கை மட்டும் கொடுத்து, இரண்டு தெரு தள்ளியிருந்து வண்டியில் வரச் சொல்லுங்கள். எங்கள் தம்பி மகனின் காதணி விழாவுக்கு நான் இதைச் செய்தேன். வண்டி ஓட்டியவர் மண்டபத்தின் சமையற்கட்டுக் கதவுக்கு வந்து நின்றார். தீர்க்கரேகையில் நான்காம் தசமத்தில் மூன்று கூட்டினேன், புள்ளி முப்பது மீட்டருக்குச் சற்று மேல் கிழக்கே நகர்ந்து முன் சாலைக்கு வந்தது. மறுபடி ஓட்டி வரச் சொன்னேன். இந்தத் தடவை வாழைமரம் கட்டப்போகும் வாசலுக்கு நேராக வந்து நிறுத்தினார். அன்று மாலைதான் கோடை அச்சுக்குக் கொடுத்தோம்.